மெஷின் ஒன்று, லாபம் இரண்டு

ஜூலை மாதம் ஒரு மதியம், கோவை ஆவாரம்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் எங்கள் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வந்தார். ஒரு கையில் முந்தைய ஆண்டு வரி கட்டிய சலான். இன்னொரு கையில் இந்த ஆண்டுக்கு நாங்கள் போட்டு அனுப்பியிருந்த வரிக் கணக்குத் தாள். இரண்டையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஏனுங்க தம்பி, போன வருசம் 31 ஆயிரத்து 200 ரூபாதானுங்க கட்டினோம். இந்த வருசமும் அதே ஆர்டர், அதே ஆளுங்க, அதே லாபம். வரி மட்டும் 1 லட்சத்து 88 ஆயிரம்னு எழுதியிருக்கீங்களே, எங்கியோ தப்பாப் போச்சுங்களா?"

கணக்கில் தப்பு இல்லை. லாபமும் கூடவில்லை. வரி விகிதமும் மாறவில்லை. மாறியது ஒன்றே ஒன்றுதான். அவர் முந்தைய ஆண்டு ஜூன் மாதம் வாங்கி ஓட்டத் தொடங்கிய சி.என்.சி. லேத்துக்கான தேய்மானக் கழிவு. முதல் ஆண்டு 7 லட்சம் ரூபாய் கழிந்தது. இரண்டாம் ஆண்டு 1 லட்சத்து 95 ஆயிரம் மட்டுமே கழிந்தது. அன்றைக்கு அவருக்கு ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் காட்டியதைத்தான் இங்கே விரித்துச் சொல்கிறேன். மெஷின் வாங்கித் தொழில் செய்கிற எவருக்கும் இரண்டாம் ஆண்டில் இந்த அதிர்ச்சி காத்திருக்கிறது. முன்கூட்டியே தெரிந்தால் அதற்குத் தயாராக இருக்கலாம்.

அடிப்படையிலிருந்து வருவோம். 20 லட்சம் ரூபாய் கொடுத்து ஒரு லேத் வாங்குகிறோம். அந்த 20 லட்சத்தையும் வாங்கிய ஆண்டின் செலவாக எழுத முடியாது, ஏனென்றால் அந்த மெஷின் பல ஆண்டுகள் உழைத்துச் சம்பாதித்துக் கொடுக்கப் போகிறது. எனவே அதன் விலையை அது உழைக்கும் ஆண்டுகளின் மீது பிரித்துப் போடுகிறோம். ஒவ்வோர் ஆண்டின் பங்காக வருவதுதான் தேய்மானம். வாடகை, கூலி, மின்கட்டணம்போல அதுவும் லாபத்திலிருந்து கழிகிற செலவு. ஆனால் அந்த ஆண்டில் கையிலிருந்து பணம் போகாத செலவு. பணம் மெஷின் வாங்கிய அன்றே போய்விட்டது, அல்லது வங்கிக் கடனாக மாதத் தவணையில் போய்க்கொண்டிருக்கிறது.

எப்படிப் பிரித்துப் போடுவது என்பதில்தான் இரண்டு வழிகள் இருக்கின்றன. மேல்நிலைப் பள்ளிக் கணக்குப்பதிவியல் பாடத்தில் நேர்கோட்டு முறை என்றும் குறைந்து செல் மதிப்பு முறை என்றும் படித்திருப்போம்.

நேர்கோட்டு முறை புரிந்துகொள்ள எளிது. லேத் 10 ஆண்டுகள் ஓடும், அதன்பின் அதற்கு விலை ஒன்றும் கிடைக்காது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 2 லட்சம். முதல் ஆண்டும் 2 லட்சம், பத்தாம் ஆண்டும் 2 லட்சம். ஆண்டுகளைக் கிடைமட்டமாகவும் மெஷினின் ஏட்டு மதிப்பை மேல்நோக்கியும் வைத்துப் படம் வரைந்தால், 20 லட்சத்தில் தொடங்கிச் சாய்வாக இறங்கிச் சுழியில் முடியும் ஒரு நேர்கோடு கிடைக்கும். பெயரும் அதனால்தான்.

குறைந்து செல் மதிப்பு முறையில் ஆயுளைக் கேட்பதில்லை. ஒரு சதவீதத்தைக் கேட்கிறார்கள். அந்தச் சதவீதத்தை ஒவ்வோர் ஆண்டும் மீதமிருக்கும் மதிப்பின் மீது போடுகிறோம். 15 சதவீதம் என்றால், முதல் ஆண்டு 20 லட்சத்தில் 15 சதவீதம், அதாவது 3 லட்சம். மீதி 17 லட்சம். இரண்டாம் ஆண்டு அந்த 17 லட்சத்தில் 15 சதவீதம், 2 லட்சத்து 55 ஆயிரம். மூன்றாம் ஆண்டு மீதி 14 லட்சத்து 45 ஆயிரத்தில் 15 சதவீதம், 2 லட்சத்து 16 ஆயிரத்து 750. சதவீதம் அப்படியே இருக்கிறது, தொகை ஆண்டுக்கு ஆண்டு மெலிகிறது.

நம் நாட்டில் வருமானவரிக்கு இந்த இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள முடியாது. 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 32ஆம் பிரிவு குறைந்து செல் மதிப்பு முறையைத்தான் பொதுவான முறையாக வைத்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் இயற்றிய புதிய சட்டத்திலும் அதுவே தொடர்கிறது. மின்சாரம் உற்பத்தி செய்யும் நிறுவனங்களுக்கு மட்டும், விரும்பினால் நேர்கோட்டு முறையில் போகலாம் என்ற சலுகை உண்டு. சாதாரண மெஷினுக்கு 15 சதவீதம், தொழில் நடக்கும் கட்டடத்துக்கும் மேசை நாற்காலிகளுக்கும் 10 சதவீதம், கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம், வாடகைக்கு ஓட்டும் லாரி, பஸ், டாக்சிகளுக்கு 30 சதவீதம். இந்த விகிதங்கள் விதிகளின் அட்டவணையில் அச்சாகி இருக்கின்றன. உங்கள் லேத் 8 ஆண்டில் தேயுமா 18 ஆண்டில் தேயுமா என்று வரித்துறை கேட்பதில்லை.

இப்போது பட்டறைக்காரரின் கணக்குக்கு வருவோம். அவருடையது கூட்டாண்மை நிறுவனம். கூலி, மூலப்பொருள், மின்கட்டணம், கடன் வட்டி, கூட்டாளிகளின் சம்பளம், பழைய மெஷின்களின் தேய்மானம் எல்லாம் போக, இந்தப் புதிய லேத்தின் தேய்மானத்தைக் கழிப்பதற்கு முன் ஆண்டுக்கு 8 லட்சம் லாபம் நிற்கிறது என்று கொள்வோம். எல்லா ஆண்டும் அதே 8 லட்சம். கூட்டாண்மை நிறுவனத்துக்கு வரி 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீத கூடுதல் தீர்வை, ஆக 31.2 சதவீதம்.

நேர்கோட்டு முறை அனுமதிக்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 8 லட்சத்தில் 2 லட்சம் கழிந்து 6 லட்சம் வரிக்குரிய லாபம். வரி 1,87,200 ரூபாய். பத்து ஆண்டும் இதே தொகை. கண்ணை மூடிக்கொண்டு கட்டலாம்.

குறைந்து செல் மதிப்பு முறையில், வெறும் 15 சதவீதம் மட்டும் என்றால், முதல் ஆண்டு வரிக்குரிய லாபம் 5 லட்சம், வரி 1,56,000. நேர்கோட்டைவிட 31,200 ரூபாய் குறைவு. இரண்டாம் ஆண்டு லாபம் 5,45,000. மூன்றாம் ஆண்டு 5,83,250. நான்காம் ஆண்டு 6,15,762. இங்கே கவனியுங்கள். நான்காம் ஆண்டிலேயே வரிக்குரிய லாபம் நேர்கோட்டின் 6 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் இடைவெளி அகலும். பத்தாம் ஆண்டில் தேய்மானம் 69,485 ரூபாய்க்கு இறங்கிவிடும், வரிக்குரிய லாபம் 7,30,515 ரூபாயில் நிற்கும்.

முதல் மூன்று ஆண்டுகளில் சேர்ந்த வரி மிச்சம் 53,586 ரூபாய். நான்காம் ஆண்டிலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. ஏழாம் ஆண்டு முடிவதற்குள் மொத்த மிச்சமும் திரும்பப் போய்விடுகிறது. குறைந்து செல் மதிப்பு முறை என்றாலே தொழில்காரருக்குக் கொழுத்த லாபம் என்று பலர் நம்புகிறார்கள். 15 சதவீத விகிதத்தில் அது உண்மை இல்லை. பத்து ஆண்டு முடிவில் நேர்கோட்டு முறை 20 லட்சத்தையும் கழித்துவிட்டிருக்கும். 15 சதவீத முறையிலோ 3,93,749 ரூபாய் இன்னும் கழியாமல் ஏட்டில் கிடக்கும். மீதியில் ஒரு பங்கைத்தான் ஒவ்வொரு முறையும் எடுக்கிறோம் என்பதால், இந்த முறையில் மதிப்பு ஒருநாளும் சுழியைத் தொடாது.

அப்படியானால் பட்டறைக்காரருக்கு முதல் ஆண்டு 7 லட்சம் எப்படிக் கழிந்தது? பொருள் உற்பத்தி செய்யும் தொழிலுக்குப் புது மெஷின் வாங்கினால், வழக்கமான 15 சதவீதத்தோடு ஒரே ஒரு தடவை 20 சதவீதம் கூடுதல் தேய்மானம் தருகிறது சட்டம். பழைய மெஷினுக்குக் கிடையாது, அலுவலகத்தில் வைக்கும் சாதனங்களுக்குக் கிடையாது. குறைந்த விகித வரித் திட்டத்தைத் தேர்ந்துகொண்ட தனிநபர்களுக்கும் 22 சதவீத வரியைத் தேர்ந்துகொண்ட கம்பெனிகளுக்கும் கிடையாது. கூட்டாண்மை நிறுவனத்துக்கு அப்படியொரு குறைந்த விகிதத் திட்டமே இல்லை என்பதால், இவருக்குக் கிடைத்தது.

15ம் 20ம் சேர்ந்து முதல் ஆண்டு 35 சதவீதம், 7 லட்சம். வரிக்குரிய லாபம் வெறும் 1 லட்சம். வரி 31,200. மீதி மதிப்பு 13 லட்சம். இரண்டாம் ஆண்டு அந்த 13 லட்சத்தில் 15 சதவீதம், 1,95,000. வரிக்குரிய லாபம் 6,05,000. வரி 1,88,760. அவர் சலானையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது தெரிந்த பள்ளம் இதுதான்.

இதே பட்டறையில் நேர்கோட்டில் முதல் ஆண்டு வரி 1,87,200 ஆகியிருக்கும் அல்லவா? எனவே முதல் ஆண்டு அவர் கையில் நின்றது 1,56,000 ரூபாய். இரண்டாம் ஆண்டிலேயே தேய்மானம் 2 லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டதால், அன்றிலிருந்து திரும்பக் கட்டுதல் தொடங்கிவிட்டது. இரண்டாம் ஆண்டு 1,560 ரூபாய் கூடுதல், மூன்றாம் ஆண்டு 10,686 ரூபாய் கூடுதல் என்று வளர்ந்து, எட்டாம் ஆண்டு முடிவதற்குள் அந்த 1,56,000 முழுதும் அரசுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இதைக் கேட்டதும் அவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "அப்ப அது தள்ளுபடி இல்லீங்க, கைமாத்து." மிகச் சரியான சொல். அரசு வட்டி இல்லாமல் கொடுத்த கைமாற்று. வட்டி இல்லை என்பதை லேசாக எண்ணக் கூடாது. லேத்துக்கு வாங்கிய கடன் 10 சதவீத வட்டி என்றால், 1,56,000 ரூபாயை ஓராண்டு முன்னதாகக் கடனில் செலுத்துவதால் 15,600 ரூபாய் வட்டி மிச்சம். மெஷின் புதிதாக வந்த ஆண்டில்தான் ஆர்டர் பிடிக்க அலைவதும், ஆளுக்குப் பழக்கிக் கொடுப்பதும், தவணை நெருக்குவதும் நடக்கும். அந்த ஆண்டில் வரி குறைவது உண்மையான உதவி. ஆனால் அந்தப் பணத்தை லாபம் என்று எண்ணிச் செலவழித்துவிட்டால், அடுத்த ஆண்டு மூச்சு முட்டும்.

அவருக்கு முட்டியது. முந்தைய ஆண்டு வரியைப் பார்த்து, இந்த ஆண்டும் அதே அளவுதான் வரும் என்று முன்கூட்டிய வரியாக 32 ஆயிரம் மட்டும் கட்டியிருந்தார். சட்டப்படி ஜூன் 15க்குள் அந்த ஆண்டு வரியில் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் முழுதும் கட்டியாக வேண்டும். குறைந்த தொகைக்கு மாதம் 1 சதவீதம் என்ற கணக்கில் வட்டி ஏறும். வட்டியில்லாமல் கிடைத்த கைமாற்றுக்கு, கவனக் குறைவால் வட்டி கட்ட வேண்டியதாயிற்று. இதில் எங்கள் அலுவலகத்துக்கும் பங்கு உண்டு. முதல் ஆண்டுக் கணக்கைக் கையில் கொடுத்தபோதே, அடுத்த ஆண்டு வரி இவ்வளவு வரும் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் எழுதிக் கொடுக்கிறோம்.

விகிதம் கூடும்போது இந்த முறை எப்படி வேறு உருவம் எடுக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே கண்ணெதிரே ஒரு சாட்சி இருக்கிறது. முப்பந்தலிலும் உடுமலைப் பக்கமும் சுழலும் காற்றாலைகள். அவற்றில் பல, நூற்பாலைகளும் துணித் தொழில் நிறுவனங்களும் நிறுவியவை. காற்று ஒரு காரணம், மின்சாரத் தட்டுப்பாடு இன்னொரு காரணம், 80 சதவீதத் தேய்மானம் மூன்றாவது காரணம். காற்றாலைக்கு வருமானவரியில் அந்த விகிதம் இருந்த காலத்தில், 1 கோடி ரூபாய் காற்றாலைக்கு முதல் ஆண்டு 80 லட்சம் கழிவு, இரண்டாம் ஆண்டு மீதி 20 லட்சத்தில் 80 சதவீதமாகிய 16 லட்சம், மூன்றாம் ஆண்டு 3 லட்சத்து 20 ஆயிரம். இரண்டே ஆண்டில் 96 லட்சம் கழிந்துவிடும். அதே காற்றாலைக்கு 20 ஆண்டு ஆயுள் என்று நேர்கோட்டில் போட்டால் ஆண்டுக்கு 5 லட்சம்தான். நூல் விற்று நல்ல லாபம் பார்த்த ஆண்டில் ஒரு காற்றாலை நிறுவினால், அந்த ஆண்டின் வரிக்குரிய லாபம் பெருமளவு கரைந்துவிடும். 2012 ஏப்ரலிலிருந்து நிறுவப்பட்ட காற்றாலைகளுக்கு இந்த 80 சதவீதம் நிறுத்தப்பட்டது. 2014 ஏப்ரலிலிருந்து திரும்பக் கொடுத்தார்கள். 2017 ஏப்ரலிலிருந்து 40 சதவீதமே உச்சவரம்பு. 80 சதவீதமும் லேத்தின் 15 சதவீதமும் ஒரே முறைதான். வரிக்குரிய லாபத்தை முன்னும் பின்னும் தள்ளும் வலு முறையின் பெயரில் இல்லை, விகிதத்தில் இருக்கிறது.

நடைமுறையில் ஆட்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். முதலாவது 180 நாள் விதி. வாங்கிய ஆண்டில் மெஷின் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பாட்டில் இருந்தால், அந்த ஆண்டுக்குப் பாதித் தேய்மானம்தான். மார்ச் 31இலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்தால், சாதாரண ஆண்டில் அக்டோபர் 3ஆம் தேதிக்குள் மெஷின் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். நம் லேத் அக்டோபர் 10ஆம் தேதி ஓடத் தொடங்கியிருந்தால், 15 சதவீதத்துக்குப் பதில் ஏழரை சதவீதம், கூடுதல் 20க்குப் பதில் 10. ஏழு லட்சம் மூன்றரை லட்சமாகிவிடும். வரிக்குரிய லாபம் 1 லட்சத்திலிருந்து நாலரை லட்சத்துக்கு ஏறிவிடும். கூடுதல் தேய்மானத்தில் விட்டுப்போன 10 சதவீதத்தை அடுத்த ஆண்டு எடுத்துக்கொள்ளலாம். அதுவும் தொலைந்துபோவதில்லை, தள்ளிப்போகிறது.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், பலர் பில் தேதியைப் பார்க்கிறார்கள். சட்டம் பில் தேதியைக் கேட்பதில்லை. தொழிலுக்குப் பயன்படுத்தத் தொடங்கிய தேதியைக் கேட்கிறது. செப்டம்பர் 20இல் லாரியில் வந்து இறங்கிய மெஷின், அடித்தளம் காயவில்லை, கூடுதல் மின்பளு வரவில்லை என்று அக்டோபர் நடுவில்தான் ஓடியது என்றால் பாதிதான். விசாரணை வந்தால், மெஷின் கம்பெனி ஆள் வந்து பொருத்திக் கொடுத்த தாள், அந்த மாத மின்கட்டணம், முதலில் ஓட்டிய வேலையின் டெலிவரி சலான் இவற்றைத்தான் கேட்பார்கள். அவற்றை பில்லோடு சேர்த்து ஒரே கோப்பில் வைத்திருங்கள்.

இரண்டாவது தவறு, ஜி.எஸ்.டி.யைச் சேர்த்துக் கழிப்பது. மெஷினுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொண்டால், அந்தத் தொகைக்குத் தேய்மானம் கேட்க முடியாது. மேலே சொன்ன 20 லட்சம் ஜி.எஸ்.டி. நீங்கலான விலை.

மூன்றாவதைச் செய்கிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். அடுத்த ஆண்டு பெரிய கடன் கேட்கப் போகிறோம், லாபம் கூடுதலாகத் தெரியட்டும், இந்த ஆண்டு தேய்மானத்தை வரிக் கணக்கில் கழிக்க வேண்டாம், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். அது நடக்காது. நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்த ஆண்டுத் தேய்மானம் கழிக்கப்பட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அடுத்த ஆண்டு மீதி மதிப்பு குறைந்தே தொடங்கும். கேட்காமல் விட்டது விட்டதுதான். தொழிலில் லாபமே இல்லாத ஆண்டென்றால் கவலைப்பட வேண்டியதில்லை. கழிக்க இடமில்லாத தேய்மானத்தைக் கால வரம்பில்லாமல் அடுத்தடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம். சாதாரணத் தொழில் நட்டத்துக்கு 8 ஆண்டுதான் ஆயுள்.

இனி, பத்தாண்டு கழித்து அந்த லேத்தை விற்கும் நாள். நேர்கோட்டில் ஏட்டு மதிப்பு சுழி. 2 லட்சத்துக்குப் போனால் 2 லட்சமும் லாபம். வருமானவரியில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி ஏடு கிடையாது. ஒரே விகிதமுள்ள மெஷின்கள் எல்லாம் ஒரே தொகுதி. 1988-89 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இந்த ஏற்பாடு. நம் லேத்தும், பழைய துளையிடும் மெஷினும், கம்ப்ரஸரும் ஒரே பானையில் கிடக்கின்றன. லேத்தை 2 லட்சத்துக்கு விற்றால், பானையின் மொத்த மதிப்பிலிருந்து 2 லட்சத்தைக் கழித்துவிட்டு, மீதிக்கு வழக்கம்போல 15 சதவீதம் போடுவார்கள். முதல் ஆண்டு 7 லட்சம் கழித்த நம் கணக்கில் பத்தாண்டு முடிவில் லேத்தின் மீதி 3,01,102 ரூபாய். விற்ற 2 லட்சம் போக 1,01,102 ரூபாய், மெஷின் பட்டறையை விட்டுப் போனபிறகும் பானையில் கிடந்து ஆண்டாண்டாகத் தேயும். மெஷின் போனபின்னும் தேய்மானம் வருகிறதே என்று சிலர் பயந்துபோய்க் கேட்பார்கள். அது சரியான கணக்குதான்.

பானையே காலியானால், அதாவது அந்தத் தொகுதியில் இருந்த எல்லா மெஷினையும் விற்றுவிட்டால், மீதி மதிப்பு அந்த ஆண்டில் குறுகிய கால மூலதன நட்டமாக நிற்கும். விற்ற தொகை பானையின் மதிப்பைவிடக் கூடுதல் என்றால், கூடியது குறுகிய கால மூலதன ஆதாயம், அதற்கு வரி உண்டு. பட்டறையை மூடிவிட்டு மெஷின்களை விற்கிறவர்கள் இந்த ஒரு கணக்கை விற்பதற்கு முன் போட்டுப் பார்க்க வேண்டும். காற்றாலைபோல வேகமாகக் கழிக்கப்பட்ட சொத்தென்றால் ஏட்டில் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சியிருக்காது. விற்ற பணம் அத்தனையும் ஆதாயமாகிவிடும்.

கடைசியாக ஒரு குழப்பம். பட்டறைக்காரரின் மைத்துனர் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி வைத்திருக்கிறார். "அவங்க பேலன்ஸ் ஷீட்ல லாபம் பெருசா இருக்குது, வரி மட்டும் கம்மியாக் கட்றாங்க. அது எப்படிங்க?" என்று கேட்டார். அங்கே கள்ளத்தனம் எதுவும் இல்லை. கம்பெனிகளின் ஏட்டுக்கு 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் வேறு அளவுகோல் வைத்திருக்கிறது. அது விகிதத்தைச் சொல்வதில்லை, ஆயுளைச் சொல்கிறது. பொதுவான மெஷினுக்கு 15 ஆண்டு. ஆயுள் முடிவில் எறிமதிப்பு பொதுவாக 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. முறையைக் கம்பெனி தேர்ந்துகொள்ளலாம். நேர்கோட்டைத் தேர்ந்தால், அதே 20 லட்சம் லேத்துக்கு 1 லட்சம் எறிமதிப்பு போக 19 லட்சத்தை 15ஆல் வகுத்து, ஆண்டுக்கு 1,26,667 ரூபாய். 8 லட்சத்தில் இது போக ஏட்டு லாபம் 6,73,333. வங்கியும் பங்குதாரரும் பார்ப்பது இந்த லாபத்தை.

வரிக் கணக்கு போடும்போது, இந்த 1,26,667ஐத் திரும்ப லாபத்தோடு கூட்டிவிட்டு, வருமானவரிப்படி வரும் 7 லட்சத்தைக் கழிக்கிறோம். வரிக்குரிய லாபம் 1 லட்சம். ஒரே மெஷின், ஒரே ஆண்டு, லாபம் இரண்டு. இரண்டும் சட்டப்படி சரி. இடைவெளி 5,73,333 ரூபாய். அதற்கு இப்போது வரி கட்டவில்லை என்றாலும், பின்னால் வரும் ஆண்டுகளில் கட்டியாக வேண்டும். கம்பெனிக்கு 25 சதவீத வரியும் 4 சதவீத தீர்வையும் சேர்ந்து 26 சதவீதம் என்றால் அந்தப் பின்வரி 1,49,067 ரூபாய். அதைத்தான் பேலன்ஸ் ஷீட்டில் ஒத்திவைத்த வரிப் பொறுப்பு என்று தனி வரியாகக் காட்டுகிறார்கள். பட்டறைக்காரர் கைமாற்று என்றாரே, அந்தக் கைமாற்றைக் கம்பெனிகள் ஏட்டிலேயே எழுதி வைத்துவிடுகின்றன. பங்கு வாங்குகிறவர்களும் ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையில் இந்த வரியைத் தேடிப் பார்க்கலாம். தொகை ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் அந்தக் கம்பெனி புதுப்புது மெஷினாக வாங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு புது மெஷினும் ஒரு புதுக் கைமாற்று. வாங்குவதை நிறுத்திய பிறகுதான் பழையவை திரும்பக் கேட்கத் தொடங்கும்.

என்னைக் கேட்டால், வரிக்குக் குறைந்து செல் மதிப்பு முறை நல்லதுதான், ஏட்டுக்கு நேர்கோடு நல்லது. லேத் முதல் ஆண்டும் நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடுகிறது, ஆறாம் ஆண்டும் எட்டு மணி நேரம் ஓடுகிறது. அதன் செலவைச் சமமாகப் போட்டுப் பார்த்தால்தான் ஒரு பீஸுக்கு உண்மையில் என்ன அடக்கம் விழுகிறது, ஜாப் ஒர்க் கூலியை எவ்வளவுக்குக் கேட்கலாம் என்பது தெரியும். சிறு பட்டறைகளில் வரிக்குப் போடும் விகிதத்தையே ஏட்டிலும் போட்டுவிடுகிறார்கள். வேலை மிச்சம்தான். ஆனால் முதல் ஆண்டு 7 லட்சம் செலவெழுதி ஏட்டில் லாபம் அடிமட்டத்துக்குப் போனதும், விலை கட்டுப்படியாகவில்லை என்று பயந்து கூலியை உயர்த்தி ஆர்டரை இழந்தவர்கள் உண்டு. ஐந்தாம் ஆண்டில் தேய்மானம் மெலிந்து லாபம் பெரிதாகத் தெரிந்ததும், விலையைத் தாராளமாகக் குறைத்துக் கொடுத்தவர்களும் உண்டு. மெஷின் இரண்டு காலத்திலும் ஒரே மாதிரிதான் உழைத்தது.

அந்தப் பட்டறைக்காரர் இரண்டாவது லேத்துக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார். ஆகஸ்டுக்குள் மின்பளு வாங்கிவிட வேண்டும் என்று மின்வாரிய அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருக்கிறார். நீங்களும் இந்த ஆண்டு மெஷின் வாங்கியிருந்தால், ஆடிட்டரிடம் தேய்மான அட்டவணையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த ஆண்டுத் தொடக்க மதிப்பு என்ற கட்டத்தில் இருக்கும் எண்ணை 15 சதவீதத்தால் பெருக்குங்கள். வரும் ஆண்டில் உங்கள் லாபத்திலிருந்து கழியப்போவது அவ்வளவுதான். மீதிக்கு வரி எவ்வளவு என்று போட்டு, ஜூன் 15க்கு முன் முதல் தவணையை எடுத்து வைத்துவிடுங்கள்.